மூன்றாவது பின் எதற்காக?

(சாகாமத்தில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் எமது பாதுகாப்புக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று சம்பளத்தைப் பற்றியோ வேலை நாட்களைப் பற்றியோ நாங்கள் கதைக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரு சிறிய பொருளைப் பற்றிக் கதைக்கப் போகின்றோம். மூன்று பின் உள்ள பிளக்கை இரண்டு ஓட்டைக்குள் செருகுவதற்கு நாம் வாங்கி வைத்திருக்கும் அடெப்டர்தான் அது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எந்தக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. இந்தக் கூட்டத்திற்கு வந்திருப்பவர்களில் எத்தனை பேரின் வீட்டில் அது இருக்கின்றது என்று கேட்டோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் கையை உயர்த்தினீர்கள். எங்கள் குழுவில் உள்ளவர்களின் வீடுகளிலும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதை நாம் ஏன் வாங்கினோம் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எமது நாட்டு வீடுகளில் மூன்று விதமான பிளக் பேஸ்கள் கலந்து கிடக்கின்றன. உருண்டைப் பின் உள்ள 5 அம்பியர், அதேபோல் பெரிய 15 அம்பியர், சதுரப் பின் உள்ள 13 அம்பியர். வாங்கிய சாமான் ஒரு விதம், வீட்டுச் சுவர் இன்னொரு விதம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2016 இல் சதுரப் பின் உள்ள 13 அம்பியரையே நாட்டின் ஒரே நியமமாகத் தீர்மானித்தார்கள். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை நடைமுறைப்படுத்தியது. ஆனால் பழைய சுவர்கள் ஒரு நாளில் மாறிவிடுமா? வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கொண்டு வந்த அயனும் அலுமாரிக்குள்தான் இருக்கின்றது. ஆகவே அடெப்டர் நம்மை விட்டுப் போகவில்லை.

எங்களைப் பேச வைத்தது ஒரு வீட்டில் நடந்த சம்பவம். வீடு அக்கரைப்பற்று – சாகாமம் வீதியை அண்டியது. அந்தக் குடும்பத்தின் விருப்பப்படி பெயர் சொல்லவில்லை.

அவர்கள் வாங்கிய வோஷிங் மெஷின் இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு பழக்கம் தொடங்கியது. உடுப்புத் துவைக்கும் வரைக்கும் ஒன்றுமில்லை. பிழியத் தொடங்கியதும் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து எல்லாம் அணைந்து போகும். மறுபடி தூக்கிவிட்டால் மெஷின் நின்ற இடத்தில் இருந்து ஓடும், பிறகு திரும்பவும் விழும். மகன் கைவேலை தெரிந்தவர். பிளக்கை ஒரு இரண்டு பின் அடெப்டரில் செருகிப் பார்த்தார். ட்ரிப் விழவில்லை. மெஷின் முழுக்க ஓடி முடித்தது. அவருக்குச் சந்தோஷம். தாய்க்கும் சந்தோஷம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கின்றது. காய்ச்சல்மானியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடுமா? அந்த வீட்டில் நடந்தது அதுதான். ஏன் என்று சொல்வதற்கு, பிளக்கின் மூன்று பின்களும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பின்கள் வேலைக்காரர்கள். ஒன்று லைவ், மின்சாரத்தைக் கொண்டு வருகின்றது. மற்றது நியூட்ரல், அதைத் திருப்பிக் கொண்டு போகின்றது. மெஷின் சுற்றுவதற்கும் அயன் சுடுவதற்கும் இந்த இரண்டும் போதும். மூன்றாவது பின் எர்த். சாதாரண நாளில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. அது மெஷினின் தகர உடம்பை, சுவரின் எர்த் வயர் வழியாக, வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இறக்கியிருக்கும் கம்பியோடு இணைக்கின்றது. அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டாலும் மெஷின் ஒரு வித்தியாசமும் இல்லாமல் ஓடும். அதனால்தான் நாம் ஏமாந்து போகின்றோம். எர்த் இல்லை என்று அயனும் சொல்லாது, மெஷினும் சொல்லாது.

இப்போது அந்த மெஷினின் உள்ளே பாருங்கள். பிழியும்போது ட்ரம் ஆடும். அந்த ஆட்டத்தில் உள்ளே போகும் ஒரு வயர் தகரத்தின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து மேல்தோல் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவை ஆடும்போதும் செம்புக் கம்பி தகரத்தில் தட்டுப்படும். தட்டுப்பட்ட நேரமெல்லாம் 230 வோல்ட் மெஷினின் உடம்பில் ஏறும்.

எர்த் இருந்த காலத்தில் அந்த மின்சாரத்துக்கு ஒரு வழி இருந்தது. உடம்பில் இருந்து எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போகும். ட்ரிப் சுவிட்ச் ஒரு கணக்குப்பிள்ளை போன்றது. லைவ் வழியாகப் போனது எவ்வளவு, நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்கும். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர், அதாவது ஒரு அம்பியரில் நூறில் மூன்று பங்கு. அவ்வளவு குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் வெட்டிவிடும். மெஷினின் உடம்பை யாரும் தொடுவதற்கு முன்னரே, எர்த் வழியாகக் கசிந்ததைக் கண்டு, ட்ரிப் விழுந்தது. மகனுக்குத் தொந்தரவாகத் தெரிந்தது உண்மையில் ஒரு முறைப்பாடு. “உன் மெஷினுக்குள் வயர் தேய்ந்திருக்கின்றது” என்று அது ஒவ்வொரு கழுவலுக்கும் சொல்லிக் கொண்டிருந்தது.

அடெப்டரைப் போட்ட பிறகு என்ன நடந்தது? வயர் அப்படியேதான் தட்டுப்பட்டது. மெஷினின் உடம்பில் 230 வோல்ட் அப்படியேதான் ஏறியது. ஆனால் மண்ணுக்குப் போக வழியில்லை. போனதும் வந்ததும் சரியாக இருந்ததால் கணக்குப்பிள்ளைக்குக் குறை தெரியவில்லை. ட்ரிப் விழாததற்குக் காரணம் பிழை திருந்தியது அல்ல. பிழை தகரத்தின் மேல் ஏறிக் காத்துக் கொண்டிருந்தது.

தாய் ஒரு நாள் சொன்னார், “மகன், மெஷினத் தொட்டா சுள்ளெண்டு குத்துது.” மகன் சொன்னார், “ஈரக் கையோட தொடாதீங்க உம்மா, செருப்பப் போட்டுக்கங்க.” அவர் இறப்பர் செருப்புப் போட்டுக் கொண்டார். குத்துவது குறைந்தது. இன்னும் ஒரு மாதம் போனது. ஒரு மழை நாளில் செருப்பில்லாமல், ஈரச் சீமெந்துத் தரையில் நின்று கொண்டு, பிழிந்து கொண்டிருந்த மெஷினின் மேல் கையை வைத்தார். அப்போது அந்த வீட்டின் ட்ரிப் திரும்பவும் விழுந்தது. இந்தத் தடவை மின்சாரம் மண்ணுக்குப் போன வழி அவருடைய உடம்பு.

அவர் பின்னால் விழுந்து கையில் அடிபட்டார். உயிர் இருக்கின்றது. இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றார். எர்த் இல்லாமற் போனாலும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்தபடியால்தான் அது. மகன் வாயை அடைக்கப் பார்த்த அதே சுவிட்ச் தாயைக் காப்பாற்றியது. ஆனால் அது கடைசிக் காவல். ஒரு மனிதருக்கு ஷொக் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதால் வேலை செய்ய முடிந்தது. ட்ரிப் பழுதாகி இருந்தால், அல்லது பழைய வீடுகளில் போல ட்ரிப்பே இல்லாமல் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரு சிறு கணக்கில் சொல்லலாம்.

ஈரமான கை, ஈரமான வெறுங்கால். அப்படி நிற்கும் உடம்பின் தடை ஏறத்தாழ 1500 ஓம் என்று வைத்துக் கொள்வோம். 230 ஐ 1500 ஆல் வகுத்தால் 0.15 அம்பியர். 150 மில்லி அம்பியர் என்றும் சொல்லலாம். பத்து மில்லி அம்பியர் அளவிலேயே கை இறுகிப் பிடித்துக் கொள்ளும், விட நினைத்தாலும் பலருக்கு விட முடியாது. 150 இதயத்தின் துடிப்பைக் குழப்பிவிடக் கூடிய அளவு.

“பியூஸ் இருக்கின்றதே” என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. பழைய 40 வொட் மின்குமிழ் எடுப்பது ஏறத்தாழ 0.17 அம்பியர். ஷொக் அடித்துக் கொண்டிருக்கும் மனிதர் அந்த மின்குமிழை விடவும் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கின்றார். 13 அம்பியர் பியூஸ் எப்படி அதைக் கண்டுபிடிக்கும்? பியூஸ் வயரை எரியாமல் காக்கின்றது. மனிதரைக் காப்பது எர்த்தும் ட்ரிப்பும் சேர்ந்துதான்.

சேர்ந்து என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எமது வீடுகளின் எர்த் கம்பி எமது வளவு மண்ணில்தான் இறங்கியிருக்கின்றது. இந்தக் கரையோர மணல் வெயில் காலத்தில் நன்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை இலேசில் ஏற்றுக் கொள்ளாது. எர்த்தின் தடை 80 ஓம் என்று வைத்தால், அதன் வழியாகப் போவது மூன்று அம்பியருக்கும் குறைவு. அதற்குப் பியூஸ் எரியாது. ஆனால் 0.03 இலேயே விழும் ட்ரிப்புக்கு அது நூறு மடங்குக்குக் கிட்ட. ஆகவே எர்த் மட்டும் இருந்து ட்ரிப் இல்லாவிட்டாலும் குறை, ட்ரிப் மட்டும் இருந்து எர்த் இல்லாவிட்டாலும் குறை. இரண்டு பின் அடெப்டர் இந்தச் சோடியைப் பிரித்துவிடுகின்றது.

அயனில் இதே பிழை வேறு இடத்தில் வரும். அயனின் கழுத்தில், வயர் உள்ளே போகும் இடத்தில், ஒவ்வொரு தடவையும் வளைந்து முறுகுகின்றது. துணி சுற்றிய வயராக இருந்தாலும் உள்ளே இழைகள் அறுந்துவிடும். அறுந்த இழை ஒன்று தகட்டில் பட்டால் அயன் முழுவதும் லைவ். பிடி பிளாஸ்டிக்கில் இருப்பதால் மாதக்கணக்கில் தெரியாமலே போகும். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணும்போது மற்றக் கை எங்கே இருக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும்: தண்ணீர் தெளித்துக் கொண்டு இருக்கும்.

வெளிநாட்டு அயன்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிலவற்றின் பிளக்கில் தடித்த உருண்டைப் பின்கள் இரண்டுதான் இருக்கும். “இதுக்கு எர்த்தே இல்ல, ரெண்டு பின்தான்” என்று நினைப்போம். பிளக்கின் இரண்டு பக்கங்களையும் திருப்பிப் பாருங்கள். பள்ளத்துக்குள் ஒரு உலோகத் தகடு தெரிந்தால் அதுதான் எர்த். அந்த நாட்டுப் பிளக் பேஸில் பக்கத்தில் இருக்கும் கொளுக்கி அந்தத் தகட்டைப் பிடித்துக் கொள்ளும். நாம் அதைச் சாதாரண அடெப்டரில் செருகும்போது இரண்டு பின்களும் பிடிக்கும், அந்தத் தகடு காற்றில் நிற்கும்.

இன்னொரு வழக்கமும் எமது வீடுகளில் உண்டு. 13 அம்பியர் பேஸின் மேல் ஓட்டையில் பேனையையோ ஈர்க்கிலையோ விட்டு நெம்பி, இரண்டு பின்னைக் கீழே திணிப்பது. கீழ் ஓட்டைகளை மூடியிருக்கும் சிறு கதவு எர்த் பின் போனால்தான் திறக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றது. பிள்ளைகள் ஆணியை விடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதை நாம் பேனையால் உடைத்துத் திறக்கின்றோம். பிளக்கின் உள்ளே இருக்கும் பியூஸும் அந்த வழியில் இல்லாமற் போகின்றது.

அப்படியென்றால் இரண்டு பின் எல்லாமே கூடாதா என்று கேட்பீர்கள். இல்லை. போன் சார்ஜர், சிறிய ரேடியோ போன்றவற்றின் மேல் ஒரு அடையாளம் இருக்கும்: ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கின்றது, எர்த் தேவையில்லை என்று அர்த்தம். அவற்றுக்கு இரண்டு பின் போதும். அந்த அடையாளம் இல்லாத, உலோக உடம்பு உள்ள எதுவும், அயன், வோஷிங் மெஷின், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், கறிச் சட்டி வைக்கும் மின் அடுப்பு, எல்லாம் எர்த் கேட்பவை.

இன்று இரவு வீட்டுக்குப் போய் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது அடெப்டர். மூன்று ஓட்டை வாங்கி இரண்டு பின் கொடுத்தால் எர்த் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது பின் இருந்தாலும் அது பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பேஸின் கதவைத் திறப்பதற்காக மட்டும் பிளாஸ்டிக் பின் வைத்த அடெப்டர்கள் உண்டு, அதன் வழியாக எர்த் போகாது.

இரண்டாவது, குத்துகின்றதா என்பது. சில புதிய மெஷின்களில் பழுது இல்லாவிட்டாலும், எர்த் இல்லாதபோது, உள்ளே இருக்கும் சிறு பாகம் ஒன்றால் இலேசாகச் சுள்ளென்று குத்தும். வயர் தேய்ந்ததாலும் குத்தும். கையால் தொட்டு எது எது என்று பிரிக்க முடியாது. டெஸ்டர் வைத்தாலும் இரண்டுக்கும் எரியும். ஆகவே குத்தினால் ஒரே வேலைதான். மெஷினைத் தொடாமல் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, காட்டும் வரைக்கும் பாவிக்காமல் விடுங்கள். இறப்பர் செருப்பு திருத்தம் ஆகாது.

மூன்றாவது, ட்ரிப் சுவிட்சில் ‘T’ என்று எழுதிய சிறு பொத்தான். மாதம் ஒரு தடவை அதை அமத்துங்கள். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. விழுந்தால் சுவிட்ச் சரி என்று மட்டும்தான் அர்த்தம். எர்த் கம்பி வெட்டுப்பட்டுக் கிடந்தாலும் அந்தப் பொத்தானுக்கு ட்ரிப் விழும். எர்த் சரியா என்பதை மீட்டர் வைத்திருக்கும் இலெக்ட்ரீசியன்தான் சொல்ல முடியும். மூன்று ஓட்டை உள்ள பேஸுக்குப் பின்னால் எர்த் வயரே கொண்டு வராத வீடுகளை நாங்கள் கண்டிருக்கின்றோம். மலைநாட்டில் இந்த மடலைப் படிக்கும் தோழர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்துக் காம்பிராவில் இருந்து இழுத்த இரண்டு இழை வயரில் எர்த் எங்கிருந்து வரும்? ஈரச் சுவரும் ஈரத் தரையும் உள்ள லயன் வீட்டுக்குத்தான் அது முதலில் தேவை.

திருத்தம் பெரிய செலவு அல்ல. வெளிநாட்டுப் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் மூன்று பின் பிளக் போடலாம். பச்சையும் மஞ்சளும் கலந்த வயர் மேலே உள்ள பெரிய பின்னுக்கு, மண்ணிறம் பியூஸ் இருக்கும் பக்கத்து லைவ் பின்னுக்கு, நீலம் நியூட்ரலுக்கு. பச்சை மஞ்சள் வயரை உள்ளே கொஞ்சம் நீளமாக விடச் சொல்லுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் கடைசியாகக் கழறுவது எர்த்தாக இருக்க வேண்டும். வயருக்குள் இரண்டு இழைதான் இருந்தால் பிளக் மாற்றிப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும். பழைய உருண்டைப் பேஸ் இருந்தால் எர்த் வயரோடு 13 அம்பியர் பேஸ் போடுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலோடு முடிச்சுப் போடுவதையும், தண்ணீர்க் குழாயில் கட்டுவதையும் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். நியூட்ரல் ஒரு நாள் வெளியே அறுந்தால் வீட்டு மெஷின்களின் உடம்பெல்லாம் லைவ் ஆகிவிடும்.

அந்த வீட்டு மெஷினைத் திறந்தபோது தேய்ந்திருந்த இடம் ஒரு விரல் நகத்தின் அளவு. வயரை மாற்றி, விளிம்பில் இறப்பர் வளையம் போட்டு, தகரத்தில் படாமல் கட்டினார்கள். அரை நாள் வேலை. பிளக்கை மறுபடி மூன்று பின் பேஸில் செருகிப் பிழிய விட்டார்கள். ட்ரிப் விழவில்லை. இந்தத் தடவை விழாததற்குக் காரணம் மெஷினில் பிழை இல்லை என்பதே.

அந்த மகன் அடெப்டரை எங்களிடம் தந்துவிட்டார். இந்த மேசையில் இருப்பது அதுதான். போகும்போது கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே மூன்று ஓட்டை, கீழே இரண்டு பின். உங்கள் வீட்டில் இதைப் போல ஒன்று அயனிலோ மெஷினிலோ இருந்தால், அடுத்த கழுவலுக்கு முன் கழற்றிவிடுங்கள்.